23 பல் பினியன் தேய்ந்துபோச்சு: காலிப்பர் அளவு எந்த மாட்யூலோடயும் ஒட்டல

கியர்பெட்டி · 4 ஜூன், காலை 9.50

ஒரு ரிடக்‌ஷன் கியர்பாக்ஸ். அதில் உள்ள நேர்பல் பினியன் தேய்ந்துவிட்டது. வரைபடம் கிடையாது, உதிரியும் கிடைக்காது. 0.02 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் அளந்து, கேடில் மாடல் போட்டு, புதிதாக வெட்டக் கொடுக்க வேண்டும்.

அளந்தவை: 23 பல். வெளிவிட்டம் 51.82 முதல் 51.94 வரை, வைக்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. பல் அகலம் 22. போர் 20.1 சொச்சம், ஓவலாக இருக்கிறது. கீவே 6.3.

வெளிவிட்டத்தை பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் மாட்யூல் வரவேண்டும். 51.9 / 25 = 2.076. அப்படி ஒரு மாட்யூலே இல்லை. மாட்யூல் 2 என்றால் விட்டம் 50தான் வரும். டி.பி. 12 என்றால் 52.92 வரும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எதை எடுப்பது?

பழையகடைசல் · 4 ஜூன், காலை 10.25

டி.பி. 12 தம்பி. பழைய மெஷின்ல இஞ்ச் கணக்குதான் இருக்கும். நுனி ஒரு மில்லி தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். 52.92 போட்டு வெட்டு.

இன்னொண்ணு. பல் எண்ணிக்கை ஒத்தப்படைன்னா காலிப்பர் விட்டத்தைக் குறைச்சுத்தான் காட்டும். ஒரு நுனிக்கு நேர் எதிர்ல இன்னொரு நுனி இருக்காது, பள்ளம்தான் இருக்கும். கிடைச்ச பெரிய அளவை 90/z டிகிரியோட கொசைனால வகுக்கணும். 23 பல்லுக்கு 0.99767. 51.94ஐ வகுத்தா 52.06.

முக்கோணமட்டம் · 4 ஜூன், காலை 11.40

ஒற்றைப்படைத் திருத்தம் தேவை என்பது சரி. ஆனால் அந்தச் சூத்திரம் நுனியை ஒரு புள்ளியாக நினைத்துக்கொள்கிறது. இந்தப் பல்லின் நுனியில் சுமார் 1 மி.மீ. தட்டை இருக்கும். அதனால் கணக்கு கொஞ்சம் கூடுதலாகத் திருத்திவிடும். 52.06 என்பதை மேல் எல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நுனி ஒரு மில்லி தேய்ந்தது என்பதை ஏற்க முடியாது. ஓடும்போது பினியனின் நுனி எதிர்ச் சக்கரத்தின் அடிப்பள்ளத்தைத் தொடுவதில்லை, நடுவே இடைவெளி இருக்கிறது. தேய்வது பக்கவாட்டு முகம். நுனி விளிம்பில் உலோகம் பிதுங்கிப் பிசிர் நிற்பது உண்டு. அப்போது விட்டம் கூடத்தான் செய்யும். அளப்பதற்கு முன் மெல்லிய அரத்தால் பிசிரைத் தட்டிவிடுங்கள்.

கியர்பெட்டி, மூன்று அளவு வேண்டும்.

ஒன்று, எதிர்ச் சக்கரத்தின் பல் எண்ணிக்கையும் வெளிவிட்டமும். இரண்டு, ஹவுசிங்கில் இரண்டு பேரிங் போர்களுக்கு இடையே உள்ள மையதூரம். மூன்று, பினியனில் மூன்று பல்லை ஒன்றாகத் தாடைக்குள் பிடித்து ஓர் அளவு, நான்கு பல்லைப் பிடித்து ஓர் அளவு. தாடையின் தட்டை முகங்கள் பல்லின் பாதி உயரத்தில் உட்காரட்டும்.

விட்டத்தை இப்போதைக்கு ஓரம் வையுங்கள். மாட்யூலைச் சொல்ல அது நல்ல சாட்சி இல்லை.

பற்றவைப்பு · 4 ஜூன், மதியம் 1.05

எதுக்கு இவ்வளவு கணக்கு? பல்லுல வெல்டை ஏத்தி பழைய வடிவத்துக்கே அரைச்சிடலாமே. தேஞ்ச பக்கம் மட்டும் ரெண்டு மில்லி ஏத்தினாப் போதும்.

வரைபலகை · 4 ஜூன், மதியம் 1.30

அவர் கேட்டது பழுது பார்ப்பது பற்றி இல்லை, புதிய பினியனுக்கு மாடல். வெல்ட் ஏற்றினாலும் "பழைய வடிவம்" என்ன என்று தெரிந்தால்தான் அரைக்க முடியும். சுற்றிச்சுற்றி இதே கேள்விக்குத்தான் வருவோம். தவிர, கடினப்படுத்திய பல்லில் வெல்ட் ஏற்றினால் வெப்பம் பட்ட ஓரத்தில் விரிசல் விழ வாய்ப்பு அதிகம்.

கியர்பெட்டி · 5 ஜூன், காலை 8.40

எதிர்ச் சக்கரம் 46 பல், அகலம் 20. இரட்டைப்படை என்பதால் நேராக அளந்தேன்: 95.88. வகுத்தால் 95.88 / 48 = 1.9975. அதாவது மாட்யூல் 2. டி.பி. 12 என்றால் 101.6 வந்திருக்கவேண்டும், பக்கத்தில்கூட இல்லை.

பினியனில் மூன்று பல் 15.90, நான்கு பல் 21.68. அகலத்தின் நடுவில் பிடித்தேன்.

மையதூரம் எடுக்க ஷாஃப்டுகளைப் பிடித்து அளந்தால் ஆட்டம் இருக்கிறது. எப்படி எடுப்பது?

பழையகடைசல் · 5 ஜூன், காலை 9.15

அப்போ டி.பி. 12 இல்லை, அது போச்சு. ஆனா பினியன் மட்டும் ஏன் 52? மாட்யூல் 2க்கு 50தானே. யாரோ நடுவுல வேற பினியனைப் போட்டு ஓட்டியிருக்காங்களோ?

முக்கோணமட்டம் · 5 ஜூன், காலை 10.20

21.68 − 15.90 = 5.78. இந்த வித்தியாசத்துக்குத்தான் இரண்டு அளவும் கேட்டேன். ஒரு பல் கூடும்போது கூடும் தூரம் அடிவட்டப் பிட்ச். அது மாட்யூலையும் பிரஷர் ஆங்கிளையும் மட்டுமே பொறுத்தது. பல் தடிமனோ மெலிவோ, இரண்டு அளவிலும் ஒரே அளவு குறையும், கழிக்கும்போது அடிபட்டுப்போகும். மாட்யூல் 2, 20 டிகிரி என்றால் 5.904. மாட்யூல் 2, 14.5 டிகிரி என்றால் 6.083. டி.பி. 12, 20 டிகிரி என்றால் 6.249.

உங்கள் 5.78 இவை எதிலும் இல்லை. டி.பி. 13க்கு 5.77 வரும், அதைப் பார்த்து ஏமாறவேண்டாம்; அதற்கு வெளிவிட்டம் 48.8தான்.

காரணம், தேய்மானம் பல் முகம் முழுக்கச் சமமாக இல்லை. இரண்டு சக்கரங்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் உருளும் இடம் ஒன்று உண்டு. அங்கே தேய்மானம் குறைவு. அதற்கு மேலும் கீழும் வழுக்கல் இருப்பதால் அதிகம். மூன்று பல்லைப் பிடிக்கும்போது தாடை அந்த இடத்துக்குப் பக்கத்தில் தொடும், நான்கைப் பிடிக்கும்போது நுனிப்பக்கம் தள்ளித் தொடும். எனவே நான்கு பல் அளவு கூடுதலாகக் குறைந்திருக்கிறது. கழித்தாலும் அது அடிபடவில்லை.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. பினியன் அகலம் 22, எதிர்ச் சக்கரம் 20. இருபுறமும் சுமார் 1 மி.மீ. பட்டை ஓட்டத்தில் தொடப்படாமலே இருந்திருக்கும். கழுவிவிட்டு விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். அந்தப் பட்டையில் வெட்டுக்கருவியின் கோடுகள் இன்னும் தெரிந்தால் அது தேயாத முகம். கோடு அழிந்து பளபளத்தால், சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து அங்கேயும் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். தாடை நுனியில் உள்ள மெல்லிய பகுதியால் அந்தப் பட்டையில் மட்டும் அளந்து எழுதுங்கள்.

சரியாகப் பிடித்திருக்கிறீர்களா என்று அறிய ஒரு சோதனை: தாடையைப் பூட்டாமல், பினியனைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டுங்கள். இன்வல்யூட் முகம் நன்றாக இருந்தால் தாடை முகத்தோடு வழுக்கிப் போகும், அளவு மாறாது. தேய்ந்த இடம் வந்தால் அளவு இறங்கும். இறங்கினால் அந்த இடத்தை விடுங்கள்.

வரைபலகை · 5 ஜூன், காலை 11.00

மையதூரத்துக்கு: ஷாஃப்டைத் தொடவே வேண்டாம். பேரிங்கைக் கழற்றி ஹவுசிங் போர்களை அளங்கள். உள்தாடையால் இரண்டு போர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை ஓர் அளவு. வெளித்தாடையால் நடுவே நிற்கும் சுவரின் மிகக் குறைந்த தடிமன் ஓர் அளவு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையதூரம். போர் விட்டம் கணக்கிலேயே வராது, போர் கொஞ்சம் பெரிதாகியிருந்தாலும் கவலையில்லை.

சுவரை அளக்கும்போது தாடையின் மெல்லிய நுனியைப் பயன்படுத்துங்கள். 3 மி.மீ. அகலத் தட்டை முகம் 42 போரின் உட்குழிவில் உட்கார்ந்தால் அதன் இரு ஓரம்தான் தொடும், நடுவில் 0.05 இடைவெளி நிற்கும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 0.1 கூட்டிக் காட்டும்.

சாய்பல் · 5 ஜூன், மாலை 4.10

எனக்கும் இதே மாதிரி ஒரு கியர் இருக்கு, ஆனா சாய்ந்த பல். அகலம் 9 மி.மீ.தான். இந்த மூணு பல், நாலு பல் முறை அதுக்கும் ஓடுமா?

முக்கோணமட்டம் · 5 ஜூன், மாலை 6.30

சாய்பல், அதில் தாடையைப் பல்லின் சாய்வுக்குச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்கவேண்டும். அப்போது இரண்டு தாடையும் தொடும் இடங்கள் அகலவாக்கில் விலகிப்போகும். சக்கரம் ஒல்லியாக இருந்தால் ஒரு தாடை சக்கரத்துக்கு வெளியே நிற்கும். 9 மி.மீ. போதுமா என்பது சாய்வுக் கோணத்தையும் எத்தனை பல்லைப் பிடிக்கிறோம் என்பதையும் பொறுத்தது. சாய்வைத் தெரிந்துகொள்ளப் பல்லில் மை தடவிக் காகிதத்தில் உருட்டிக் கோட்டின் கோணத்தை அளப்பார்கள். அது நுனியில் உள்ள கோணம், பிட்ச் வட்டத்தில் உள்ளதைவிடப் பெரிது. அப்படியே மாடலில் போட்டுவிடாதீர்கள். விவரத்தோடு தனி இழை திறங்கள், இங்கே கலந்தால் இரண்டுமே குழம்பும்.

கியர்பெட்டி · 6 ஜூன், காலை 9.05

பட்டை இருக்கிறது! ஒரு பக்கம் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன, மறுபக்கம் பாதி அழிந்திருக்கிறது. தெளிவான பக்கத்தில் மட்டும் சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் எடுத்தேன். மூன்று பல் 16.04, 16.06 என்று மாறிமாறி வருகிறது. நான்கு பல் 21.94, 21.96. சராசரி 16.05, 21.95. வித்தியாசம் 5.90. உருட்டினாலும் அளவு நகரவில்லை.

ஹவுசிங்: ஒரு பக்கம் 6004 பேரிங், போர் 42. மறுபக்கம் 6005, போர் 47. வெளி ஓரம் 114.46, நடுச்சுவர் 25.54. பாதி 70.00.

மாட்யூல் 2, 20 டிகிரி என்பது இப்போது உறுதி. ஆனால் 23ம் 46ம் சேர்ந்தால் மையதூரம் 69தானே வரவேண்டும்? ஒரு மில்லி கூடுதலாக இருக்கிறது.

பழையகடைசல் · 6 ஜூன், காலை 9.30

ஆ, அப்போ பினியன் மாத்தினது இல்லை. வெட்டும்போதே கருவியைத் தள்ளி வெச்சு வெட்டியிருக்காங்க. அதான் 52. பெரிய சக்கரம் அப்படியே 96 கிட்ட இருக்கு, பினியனுக்கு மட்டும் தள்ளல்.

ஹாப்பைத் தள்ளத் தள்ளப் பல் தடிக்கும். மையதூரம் ஒரு மில்லி கூடியிருக்கு, அப்போ தள்ளலும் ஒரு மில்லி. மாட்யூல் 2க்கு குணகம் 0.5. போட்டு வெட்டு தம்பி.

முக்கோணமட்டம் · 6 ஜூன், மதியம் 12.15

அண்ணே, கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறோம், ஆனால் 0.5 இல்லை. மையதூரம் கூடும்போது இரண்டும் தொடும் கோணமும் 20லிருந்து 22.14 டிகிரிக்கு ஏறுகிறது. அதைக் கணக்கில் சேர்த்தால், இடைவெளியே இல்லாமல் பல் பொருந்த, இரண்டு சக்கரங்களின் தள்ளல் குணகங்களின் கூட்டுத்தொகை 0.526 வேண்டும்.

பெரிய சக்கரத்துக்குத் தள்ளல் இல்லை என்று வைத்தால் 0.526 முழுக்கப் பினியனுக்கு. அப்போது பினியன் விட்டம் 52.10, பெரியது 96.00 வரும். அப்படியே விட்டால் நுனிக்கும் எதிர்ப் பள்ளத்துக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி சுருங்கும். அதனால் வடிவமைத்தவர் இரண்டு நுனியையும் ஆரத்தில் 0.05 குறைத்திருப்பார்: 52.00, 95.90. நீங்கள் பெரியதில் அளந்தது 95.88. பினியனுக்கு 52.06க்குக் கீழே என்று முன்பே பார்த்தோம். 70இலிருந்து பினியன் ஆரம் 26ஐயும் பெரிய சக்கரத்தின் அடிப்பள்ள ஆரம் 43.5ஐயும் கழித்தால் மிச்சம் 0.5, அதாவது மாட்யூலில் கால் பங்கு. வழக்கமான இடைவெளி அதுதான். எல்லாம் ஒரே கதையைச் சொல்கிறது.

பினியன் விட்டத்தைக் காலிப்பராலேயே உறுதி செய்யலாம். ஒரு தாடையைப் போருக்குள் விட்டு, போர் சுவரிலிருந்து நுனி வரை ஒவ்வொரு பல்லிலும் அளங்கள், கீவேக்கு மேலே வருவதை விட்டுவிட்டு. சராசரியோடு போரின் சராசரி ஆரத்தைக் கூட்டினால் வெளி ஆரம். போர் ஓவலாக இருப்பதால் ஒரு பல்லில் மட்டும் அளந்து நிறுத்தக்கூடாது.

இப்போது 16.05க்கு வருவோம்.

```
from math import *
m, z, k, a = 2, 23, 3, radians(20)
inv = tan(a) - a
W = m*cos(a)*(pi*(k - 0.5) + z*inv)
x = (16.05 - W) / (2*m*sin(a))
print(W, x)
```

தள்ளல் இல்லாத பினியனுக்கு மூன்று பல் அளவு 15.405. நீங்கள் அளந்த 16.05க்குத் தேவையான குணகம் 0.4715.

கியர்பெட்டி · 6 ஜூன், மதியம் 12.50

ஒரு இடத்தில் 0.526, இன்னொரு இடத்தில் 0.47. எது சரி?

முக்கோணமட்டம் · 6 ஜூன், மதியம் 1.40

இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். 0.526 என்பது பேக்லாஷ் துளியும் இல்லாத கற்பனைப் பல். அதற்கு மூன்று பல் அளவு 16.125 வரும். உண்மையில் யாரும் அப்படி வெட்டமாட்டார்கள். எண்ணெய் நிற்கவும் சூட்டில் விரியவும் இடம் வேண்டும். ஹாப்பைக் கொஞ்சம் ஆழமாக இறக்கிப் பல்லை மெலிய வைப்பார்கள். 16.125க்கும் 16.05க்கும் உள்ள 0.075 அந்த மெலிவுதான். ஆழமாக இறக்குவது என்றாலே தள்ளலைக் குறைப்பது, அதனால்தான் வெட்டிய பல் 0.47 என்று காட்டுகிறது.

மாடல் வெட்டிய பல்லைக் காட்டவேண்டும். 0.47 போடுங்கள். 0.526 வரைபடத்தில் குறிப்பாக இருக்கட்டும்.

காலிப்பருக்கு ஓர் எல்லை உண்டு. மூன்று பல் அளவில் 0.03 பிசகினால் குணகத்தில் 0.02 பிசகும். எனவே 0.4715 என்று நான்கு இலக்கம் எழுதுவதில் அர்த்தமில்லை.

வரைபலகை · 6 ஜூன், மாலை 5.20

ஃப்ரீகேடில் பார்ட் டிசைன் பகுதியில் உள்ள இன்வல்யூட் கியர் போதும். பல் முகத்தைப் படம் பிடித்து அதன்மேல் ஸ்ப்லைன் வரையும் வேலையே வேண்டாம். அப்படிச் செய்தால் தேய்மானத்தை அச்சு அசலாக நகல் எடுப்போம், புதிய சக்கரம் முதல் நாளே பழையதாக ஓடும்.

```
NumberOfTeeth            23
Modules                  2 mm
PressureAngle            20
ProfileShiftCoefficient  0.47
AddendumCoefficient      1.03
DedendumCoefficient      1.25
```

நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து 1.50 வரவேண்டும். அப்போதுதான் வெளிவிட்டம் 2 × (23 + 3) = 52.00. நுனிக் குணகத்தை 1.0 என்றே விட்டால் 51.88 வரும். அது காலிப்பர் காட்டும் 51.82க்கும் 51.94க்கும் நட்டநடுவில் விழுவதால் சரி என்று தோன்றும். சரியில்லை, அந்தக் காலிப்பர் அளவுகள் ஒற்றைப்படைப் பல்லால் குறைந்து வந்தவை.

22 மி.மீ. உயர்த்தியபின் மாடலையும் காலிப்பர் போலவே சோதிக்கவேண்டும். ஒரு ஸ்கெட்சில் 21.613 ஆரத்தில் வட்டம் போடுங்கள், அது அடிவட்டம். அதற்கு ஒரு தொடுகோடு வரைந்து, மூன்று பல்லைக் கடக்கும்படி வைத்து, முதல் பல்லின் வெளிமுகத்திலிருந்து மூன்றாவது பல்லின் வெளிமுகம் வரை உள்ள நீளத்தைப் பாருங்கள். 16.05 வரவேண்டும். தொடுகோட்டைக் கொஞ்சம் சுழற்றினாலும் நீளம் மாறக்கூடாது. மாறினால் கோடு இன்வல்யூட்டைத் தாண்டி அடி வளைவில் போய் விழுகிறது.

அதன்பிறகு 46 பல் சக்கரத்தையும் மாடல் செய்து 70.00 தூரத்தில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் தொடும்போது மறுபக்கம் மெல்லிய இடைவெளி தெரியவேண்டும். பெரிய சக்கரத்தின் நுனிக் குணகத்தை 0.974 போட மறக்காதீர்கள்.

பழையகடைசல் · 6 ஜூன், இரவு 7.45

போரை விட்டுட்டீங்க. 20.1ன்னு மாடல்ல போட்டுறாத தம்பி. பேரிங் 6004, அதோட உள்விட்டம் 20. பினியன் உட்காருற இடமும் ஷாஃப்ட்ல அதே படியா, தேயாத ஓரத்துல 20தானான்னு பாரு. 20ன்னா 20 எச்7. கீவே 6, எதிர்ச் சுவர்லேர்ந்து கீவே அடி வரைக்கும் 22.8. இருபது மில்லி ஷாஃப்டுக்கு வழக்கமா உள்ள அளவு அதுதான். உன் 6.3 கீ அடிச்சு அடிச்சு அகண்டது. கீவேயோட அடி மூலையில அளந்தா ஆறு கிட்ட வரும், அங்க கீ அவ்வளவா அடிக்காது.

கியர்பெட்டி · 7 ஜூன், காலை 8.20

அடி மூலையில் 6.04. ஷாஃப்டின் தேயாத ஓரம் 19.98, 20.00. போர் சுவரிலிருந்து நுனி வரை சராசரி 15.95, போர் சராசரி 20.10. ஆக வெளி ஆரம் 26.00.

மாடலில் தொடுகோட்டு நீளம் 16.05. சுழற்றினால் மாறவில்லை. வெட்டுபவர் STEP கோப்பு மட்டும் கேட்கிறார், வரைபடம் வேண்டாமாம். கொடுத்துவிடலாமா?

முக்கோணமட்டம் · 7 ஜூன், காலை 9.10

எதில் வெட்டப்போகிறார் என்று கேளுங்கள். வயர்கட் என்றால் மாடலில் உள்ள கோடுதான் உலோகத்தில் வரும், அடி வளைவு உட்பட. அப்போது அடி வளைவைக் கவனிக்கவேண்டும். மென்பொருள் அங்கே ஒரு எளிய வட்ட வளைவைப் போடுகிறது. ஹாப் வெட்டும் வளைவு அது இல்லை. பெரிய சக்கரத்தின் நுனி அங்கே இடிக்கிறதா என்று அசெம்பிளியில் ஒருமுறை சுழற்றிப் பார்த்தபின் கொடுங்கள்.

ஹாப்பிங் என்றால் மாடல் அவருக்கு வெறும் படம். வேண்டியது எண்கள்: மாட்யூல் 2, 20 டிகிரி, 23 பல், தள்ளல் 0.526, வெளிவிட்டம் 52.00, மூன்று பல் அளவு 16.05. பல் தடிமனை எழுதாதீர்கள், அதைக் காலிப்பரால் நேராகச் சோதிக்க முடியாது. மூன்று பல் அளவை மெஷினில் வேலை இருக்கும்போதே அவரே பிடித்துப் பார்க்கலாம். 16.05க்கு மேலே போகக்கூடாது, கீழே 0.04 வரை போகலாம் என்று எழுதுங்கள். வெட்டியபின் கடினப்படுத்துவதாக இருந்தால் அளவு நகரும். எவ்வளவு என்பது பொருளையும் முறையையும் பொறுத்தது, அவரிடமே கேட்கவேண்டியது.

பழையகடைசல் · 7 ஜூன், காலை 9.50

நான் எப்பவும் ஹாப்பிங் பக்கம்தான். ஆனா ஒரே ஒரு பினியனுக்கு மாட்யூல் 2 ஹாப்பை ஏத்தி செட் பண்ண யாரும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கமாட்டாங்க, அதையும் சொல்லிடறேன்.

பெரிய சக்கரத்தை அப்படியே விடப்போறியா? தேஞ்ச சக்கரத்தோட புதுப் பினியன் ஓடினா சத்தம் வரும். ரெண்டையும் மாத்தணும்.

வரைபலகை · 7 ஜூன், காலை 10.30

கட்டாயம் இல்லை. பெட்டி எப்போதும் ஒரே திசையில் சுழல்வது என்றால் பெரிய சக்கரத்தின் ஒரு முகம்தான் தேய்ந்திருக்கும். ஷாஃப்டிலிருந்து கழற்றி இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் தேயாத முகம் வேலைக்கு வரும். நேர்பல்லுக்கு இது செல்லும். ஹப் இரண்டு பக்கமும் சமமாக நீண்டிருக்கவேண்டும், இல்லையென்றால் பல் வரிசை பினியனுக்கு நேராக நிற்காது.

பழையகடைசல் · 7 ஜூன், காலை 10.55

திருப்பினாலும் பல் மெலிஞ்சதுதானே, பேக்லாஷ் கூடத்தான் இருக்கும். திசை மாறி மாறி ஓடுற மெஷின்னா தட்டும். நான் மாத்தணும்னுதான் சொல்வேன்.

கியர்பெட்டி · 7 ஜூன், மாலை 6.15

ஒரே திசைதான். ஆனால் ஹப் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 14. திருப்பினால் பல் வரிசை 6 மி.மீ. நகர்ந்துவிடும். நீண்ட பக்கத்தில் 6ஐக் கடைந்து எடுத்து, மறுபக்கம் 6க்கு ஒரு வளையம் போடலாமா என்று பார்க்கிறேன்; அப்படிச் செய்தால் கீயில் பிடிமான நீளம் குறைகிறது. வெட்டுபவரிடம் ஹாப் இருக்கிறதாம், எண்களை வரைபடமாகவே கொடுக்கிறேன். பெரிய சக்கரத்தில் 6 பல் அளவு நடுவில் 33.58 வருகிறது, உருட்டினால் இறங்குகிறது. அது பினியனோடு முழு அகலத்துக்கும் ஓடியதால் தேயாத பட்டை ஒன்றுமே இல்லை.

முக்கோணமட்டம் · 7 ஜூன், இரவு 8.00

தேயாததற்கு 33.76 வரவேண்டும். அதில் ஆரம்பத்திலேயே விட்ட மெலிவு எவ்வளவு, தேய்ந்தது எவ்வளவு என்று இந்த ஒரு அளவிலிருந்து பிரிக்க முடியாது. பினியனில் விட்ட 0.075 போலவே இதிலும் விட்டிருந்தால் தேய்மானம் 0.1 சொச்சம். புதுப் பினியன் வந்ததும் பெட்டியில் போட்டு, ஒரு பல்லில் மெல்லிய நீல மை தடவிச் சுழற்றுங்கள். மை பல் உயரத்தின் நடுவில் பட்டையாக ஒட்டினால் அப்படியே ஓட்டலாம். நுனியிலும் அடியிலும் மட்டும் ஒட்டினால் அண்ணன் சொல்வதுபோல அதையும் வெட்டவேண்டியதுதான், அதற்கான எண்கள் இப்போதே உங்களிடம் இருக்கின்றன.